கடனுக்குச் சரக்கு கொடுக்கலாமா? முடிவு மரம் பற்றி வணிகவியல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பகலில் வேலூரில் சில மொத்த வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் பார்த்துக் கொடுக்கிறேன். மாலையில் காட்பாடியில் பி.காம்., எம்.பி.ஏ. மாணவர்களுக்கு வகுப்பு. மெஷின் லேர்னிங் பாடத்தில் டிசிஷன் ட்ரீ வந்ததும் எல்லாரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம்: மளிகை மொத்தக் கடை ஒன்றின் கடன் பேரேடு. அதில் வரும் 20 பில்களும் பாடத்துக்காக நானே அமைத்தவை.

சார், முடிவு மரம் என்றால் என்ன? கணக்கு இல்லாமல் சொல்லுங்கள்.

லாங் பஜார் பக்கம் ஒரு மொத்தக் கடையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். குடியாத்தத்திலிருந்து ஒரு சில்லறைக் கடைக்காரர் வந்து, "அண்ணே, சரக்கு போட்டு அனுப்புங்க, அடுத்த மாசம் கொடுத்துடறேன்" என்கிறார். கல்லாவில் இருப்பவர் உடனே தலையாட்டுவதில்லை. பக்கத்தில் உள்ள கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "இவருக்குப் பழைய பாக்கி நிக்குதா?" என்று கேட்கிறார். நிற்கிறது என்றால் அடுத்த கேள்வி, "இப்ப எவ்வளவுக்குச் சரக்கு கேக்கறாரு?" பாக்கி இல்லை என்றால் அடுத்த கேள்வி வேறு: "எத்தனை வருஷமா நம்மகிட்ட வாங்கறாரு?" இரண்டு மூன்று பதில்கள் கிடைத்ததும் முடிவு வந்துவிடும்.

அவ்வளவுதான் முடிவு மரம். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளின் சங்கிலி. முதல் கேள்விக்கு வேர் என்று பெயர். ஒவ்வொரு பதிலும் ஒரு கிளை. கேள்விகள் தீர்ந்து முடிவு சொல்லும் இடம் இலை. நம் ஊர் மரத்தைப் போல இல்லாமல் இது தலைகீழாக வளரும்: வேர் மேலே, இலை கீழே. இதில் கவனிக்க வேண்டியது, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பதில்லை என்பது. முதல் பதிலைப் பொறுத்து இரண்டாவது கேள்வி மாறுகிறது.

அதைத்தான் முதலாளி மனசிலேயே செய்கிறாரே, அப்புறம் இயந்திரம் எதற்கு?

கேள்விகள் முதலாளிக்குத் தெரியும். எதை முதலில் கேட்டால் அதிகம் தெளியும், எந்தத் தொகையில் கோடு கிழிப்பது, எங்கே கேட்பதை நிறுத்துவது என்ற மூன்றையும் அவர் அனுபவத்தால் சொல்கிறார். அனுபவத்தில் கடைசியாக ஏமாற்றியவரின் முகம்தான் பெரிதாகத் தெரியும். சென்ற மாதம் ஒரு புதுக் கடைக்காரர் கைவிரித்துவிட்டால், அடுத்த ஆறு மாதத்துக்குப் புதுக் கடை என்றாலே சந்தேகம். மரம் அந்த மூன்றையும் பேரேட்டில் உள்ள எல்லா பில்களையும் எண்ணிப் பார்த்துச் சொல்கிறது. புத்திசாலித்தனம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, சலிக்காமல் எண்ணுகிறது.

எந்தக் கேள்வி முதலில் வர வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

இதுதான் பாடத்தின் உயிர்நாடி. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், கையாலேயே போட்டுவிடலாம்.

நம் பேரேட்டில் 20 பில். 30 நாளுக்குள் பணம் வந்தவை 12, தாமதமானவை 8. இந்த 20 பில்லையும் சீட்டாக எழுதி ஒரு மஞ்சப்பையில் போடுங்கள். கையை விட்டு ஒரு சீட்டு எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டு, மறுபடி ஒன்று எடுங்கள். ஒன்று "நேரத்தில் வந்தது", இன்னொன்று "தாமதம்" என்று இரண்டும் வேறு வேறாக வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு? அந்த எண்தான் பையின் கலப்படம். பாடப்புத்தகத்தில் கினி என்று போட்டிருக்கும். கணக்கு இது:

```
1 − (0.6² + 0.4²) = 0.48
```

பையில் ஒரே வகைச் சீட்டு மட்டும் இருந்தால் கலப்படம் 0. சரிபாதி இருந்தால் 0.5, இரண்டே வகை இருக்கும்போது அதற்கு மேல் போகாது. ஆக நம் பை கிட்டத்தட்ட உச்சக் கலப்படத்தில் இருக்கிறது. ஒரு நல்ல கேள்வி இந்தப் பையை இரண்டு பைகளாகப் பிரிக்க வேண்டும். பிரித்த பைகளில் கலப்படம் குறைய வேண்டும்.

முதல் வேட்பாளர்: "பழைய பாக்கி இருக்கிறதா?" ஆம் என்ற பைக்கு 8 பில் போகிறது, அதில் தாமதம் 6, நேரத்தில் வந்தது 2. கலப்படம் 0.375. இல்லை என்ற பைக்கு 12 பில்; அதில் 10 நேரத்தில் வந்தவை, 2 தாமதம். கலப்படம் 0.278. இரண்டையும் அப்படியே கூட்டி இரண்டால் வகுத்துவிடாதீர்கள், தேர்வில் பாதிப் பேர் அங்கேதான் வழுக்குகிறார்கள். பெரிய பைக்கு அதிக எடை கொடுக்க வேண்டும்:

```
(8/20) × 0.375 + (12/20) × 0.278 = 0.317
```

0.48 இருந்தது 0.317 ஆகிவிட்டது. குறைந்தது 0.163.

இரண்டாவது வேட்பாளர்: "நம்மிடம் வாங்க ஆரம்பித்து 2 ஆண்டுக்குக் குறைவா?" ஆம் என்பதில் 7 பில், நேரத்தில் 3, தாமதம் 4. இல்லை என்பதில் 13 பில், நேரத்தில் 9, தாமதம் 4. எடை போட்டுக் கூட்டினால் 0.448. குறைந்தது 0.032 மட்டும்.

மூன்றாவது வேட்பாளர்: "பில் ரூ. 25,000-க்கு மேலா?" ஆம் என்பதில் 10 பில், சரிபாதி. இல்லை என்பதில் 10 பில், நேரத்தில் 7, தாமதம் 3. கூட்டினால் 0.46. குறைந்தது வெறும் 0.02.

பாக்கிக் கேள்விதான் ஜெயித்தது. அது வேரில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒவ்வொரு பையையும் தனியாக எடுத்து, இதே போட்டியை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டும். மரம் வளர்வது என்பது இந்த ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான்.

பொருளாதாரத்தில் வருமான ஏற்றத்தாழ்வுக்குப் படித்த கினியும் இதுவும் ஒன்றா?

இல்லை. இரண்டும் இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ கினியின் பெயரால் வழங்குபவை, ஆனால் வெவ்வேறு அளவுகள். அது ஒரு நாட்டில் வருமானம் எவ்வளவு சமமில்லாமல் பிரிந்திருக்கிறது என்று சொல்கிறது. இது ஒரு பையில் வகைகள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று சொல்கிறது. விடைத்தாளில் லாரன்ஸ் வளைவு வரைந்து வைக்காதீர்கள். வரைந்தவர்கள் உண்டு.

பில் தொகைக் கேள்வி 0.02-தான் குறைத்தது. பேரேட்டில் அந்த நெடுவரிசையையே தூக்கிவிடலாமா?

கூடாது. ஏன் என்று பார்த்தால்தான் மரத்தின் அருமை புரியும்.

பாக்கி உள்ள 8 பில்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்தில் 2, தாமதம் 6. இதற்குள் மறுபடி போட்டி. ஆண்டுக் கேள்வியைக் கேட்டால் 0.375-லிருந்து 0.367-க்குத்தான் இறங்குகிறது, கேட்டும் கேட்காததும் ஒன்று. வேரில் கடைசியாக வந்த பில் தொகைக் கேள்வியைக் கேளுங்கள். பெரிய பில் 5, ஐந்தும் தாமதம். சின்ன பில் 3; இரண்டு நேரத்தில் வந்தவை, ஒன்று தாமதம். கலப்படம் 0.167-க்கு விழுகிறது. மேலே மந்தமாக இருந்த கேள்வி இங்கே முதலிடம்.

பாக்கி இல்லாத பக்கத்தில் கதை தலைகீழ். அங்கே பெரிய பில் 5 இருக்கிறது. ஐந்துக்கும் பணம் நேரத்தில் வந்துவிட்டது. யோசித்தால் வியாபார நியாயமே இதுதான். பாக்கியில்லாமல் பெரிய சரக்கு எடுப்பவர் நல்ல ஓட்டமுள்ள கடைக்காரர். பழைய பாக்கியை வைத்துக்கொண்டு மேலும் பெரிய சரக்கு கேட்பவரோ, இந்தச் சரக்கை விற்றுப் பழைய கடனை அடைக்கப் பார்க்கிறவர். பெரிய பில் ஒரு பக்கம் நல்ல சகுனம், இன்னொரு பக்கம் கெட்ட சகுனம். இரண்டையும் ஒரே பையில் போட்டு எண்ணியதால் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு, "பயனில்லாத நெடுவரிசை" போலத் தெரிந்தது.

அதனால் ஒரு நெடுவரிசையைத் தனியாக வைத்துப் பார்த்து, "இதற்கும் தாமதத்துக்கும் தொடர்பில்லை" என்று எக்செல்லில் அழித்துவிட்டு வராதீர்கள்.

ரூ. 25,000 என்ற கோட்டை யார் கிழித்தது?

நான்தான், கையால் போட வசதியாக இருக்கட்டும் என்று. இயந்திரம் 25,000 போல வசதியான எண்ணாகப் பார்த்துக் கோடு கிழிக்காது. பாக்கி உள்ள 8 பில்களின் தொகைகளை ஏறுவரிசையில் அடுக்குவோம்: 9,500, 14,000, 18,500, 27,000, 31,000, 36,400, 42,000, 55,000. இதில் 9,500-ம் 18,500-ம் நேரத்தில் வந்தவை. மற்ற ஆறும் தாமதம். அடுத்தடுத்த இரண்டு தொகைகளுக்கு நடுவில் ஒவ்வொரு கோடாக, மொத்தம் 7 கோடுகளைப் போட்டுப் பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் கலப்படக் கணக்கு. கடைசியில் 18,500-க்கும் 27,000-க்கும் சரிபாதி நடுவான 22,750-ஐப் பிடித்துக்கொள்கிறது.

அந்த 22,750-ல் மந்திரம் ஒன்றுமில்லை. 18,500-க்கும் 27,000-க்கும் இடையில் நம் பேரேட்டில் ஒரு பில்கூடக் கிடையாது. 20,000 என்று கிழித்திருந்தாலும் இதே பிரிவுதான் வந்திருக்கும். ஒரு மாணவர் தன் புராஜெக்ட் அறிக்கையில் "ரூ. 22,750-க்கு மேல் கடன் ஆபத்தானது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். 22,800-க்குச் சரக்கு கேட்பவரைப் பற்றி இந்தப் பேரேட்டுக்கு எதுவுமே தெரியாது. எண்ணைச் சொல்லும்போது இடைவெளியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பைத்தானில் ஓட்டினால் ஏதோ 0.50 என்று வருகிறது. எப்படிப் படிப்பது?

கேள்விகளுக்கான நெடுவரிசைகள் X-லும், தாமதமா இல்லையா என்ற விடை y-லும் இருக்கட்டும். ஓட்டுவது இவ்வளவுதான்:

```python
from sklearn.tree import DecisionTreeClassifier, export_text

tree = DecisionTreeClassifier(max_depth=2, random_state=0)
tree.fit(X, y)
print(export_text(tree, feature_names=list(X.columns)))
```

நம் பேரேட்டுக்கு மரம் இந்த வடிவில் வரும்:

```
|--- old_due <= 0.50
|   |--- years <= 1.75
|   |   |--- class: 0
|   |--- years >  1.75
|   |   |--- class: 0
|--- old_due >  0.50
|   |--- bill <= 22750.00
|   |   |--- class: 0
|   |--- bill >  22750.00
|   |   |--- class: 1
```

பாக்கி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று நாம் எழுதியிருக்கிறோம். அதற்கு ஆம், இல்லை தெரியாது, எல்லாமே எண். 0-க்கும் 1-க்கும் நடுவில் கோடு போடுவதால் 0.50 வருகிறது. `old_due <= 0.50` என்றால் "பாக்கி இல்லை" என்று படியுங்கள். இதை மாற்றிப் படித்து, பாக்கி உள்ளவர்தான் நல்லவர் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். `class: 1` என்பது தாமதம்.

இன்னொரு குழப்பம்: பாக்கியில்லாத பக்கத்தில் இரண்டு இலையும் `class: 0`. இரண்டுக்கும் ஒரே விடை என்றால் எதற்குப் பிரித்தது? எண்ணிக்கையைப் பாருங்கள். 1.75 ஆண்டுக்கு மேல் வாங்குகிறவர்கள் 8 பேர், எட்டும் நேரத்தில். புதியவர்கள் 4 பேர், இரண்டு நேரத்தில், இரண்டு தாமதம். கலப்படம் குறைந்தது, அதனால் பிரித்தது. இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நின்றதும் வரிசையில் முதலில் உள்ள வகையை எழுதிவிட்டது. உறுதியான 0-வும் நாணயம் சுண்டிப் பார்க்கிற 0-வும் அச்சில் ஒரே மாதிரி இருக்கும். `export_text`-க்குள் `show_weights=True` சேர்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு இலையிலும் எத்தனைக்கு எத்தனை என்று காட்டும்.

ஒரு இலையில் ஐந்துக்கு ஐந்தும் தாமதம். அப்படியானால் 100 சதவீதம் உறுதிதானே?

ஐந்து பில்லை வைத்து உறுதி பேசக் கூடாது. காசை ஐந்து முறை சுண்டினால் ஐந்தும் தலையாக விழுவது 32-ல் ஒரு முறை தானாகவே நடக்கும். மரம் வேறு, பல கேள்விகளையும் பல கோடுகளையும் போட்டுப் பார்த்து, நன்றாக வந்ததைப் பொறுக்கி எடுத்திருக்கிறது. பொறுக்கி எடுத்ததில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். இலையில் உள்ள விகிதத்தைச் சொல்லும்போது எத்தனை பில் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். 5-ல் 5 என்பதைவிட 60-ல் 51 எனக்கு அதிக தைரியம் கொடுக்கும்.

நம் மரம் 20-ல் 17 சரி. இன்னும் நாலு கேள்வி சேர்த்தால் 20-ம் சரியாகிவிடுமே?

ஆகிவிடும். அங்கேதான் வினை.

புதிய வாடிக்கையாளர் இலையில் 4 பில், இரண்டுக்கு இரண்டு. மேலும் பிரிக்கச் சொன்னால் மரம் எதையாவது பிடித்துக்கொள்ளும். பில் நம்பரை நெடுவரிசையாகக் கொடுத்திருந்தால் "பில் நம்பர் 1,146-க்கு மேலா?" என்று கேட்கும். செல்போன் எண்ணைக் கொடுத்திருந்தால் அதையும் கேட்கும். நான்கே சீட்டு என்றால் ஏதோ ஒரு அர்த்தமற்ற கோட்டில் இரண்டும் இரண்டுமாகப் பிரிவது சுலபம். பழைய பேரேட்டில் தப்பே வராது. நாளை வரும் கடைக்காரரிடம் பல்லிளிக்கும். வினாத்தாளின் விடைகளை மனப்பாடம் செய்த பையன் அடுத்த தேர்வில் திணறுவது போல. இதற்கு மிகைப்பொருத்தம் என்று பெயர். வகுப்பில் எல்லாரும் ஓவர்ஃபிட் என்கிறோம்.

கண்டுபிடிக்க ஒரே வழி, மரத்துக்குக் காட்டாத பில்களை வைத்துப் பார்ப்பது. 600 பில் இருந்தால் முதல் 450-ஐ வைத்து வளருங்கள், மீதி 150-ல் சோதியுங்கள். வளர்த்த பில்களில் 99 சதவீதமும் காட்டாத பில்களில் 68 சதவீதமும் வந்தால் மனப்பாடம்தான், சந்தேகமே வேண்டாம். இரண்டு எண்களும் நெருங்கி வரும் வரை மரத்தைக் கட்டுப்படுத்துங்கள். அதற்கு நான் முதலில் தொடுவது `min_samples_leaf`: ஓர் இலையில் குறைந்தது 15 பில்லாவது இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், நாலு சீட்டுக்காகக் கேள்வி கேட்கிற பழக்கம் நின்றுவிடும்.

பிரிக்கும்போது குலுக்கிப் பிரிக்காமல் தேதிப்படி பிரியுங்கள். தை முதல் ஆனி வரை உள்ள பில்களில் வளர்த்து ஆடி மாதத்தில் சோதித்தால், வியாபாரம் மந்தமான மாதத்தில் மரம் எவ்வளவு தாங்குகிறது என்பது தெரியும். குலுக்கினால் ஆடி மாத பில்கள் இரண்டு பக்கமும் கலந்து, உண்மை மறைந்துவிடும்.

காட்டாத பில்களிலும் எனக்கு 98 சதவீதம் வந்துவிட்டது சார்! சந்தோஷப்படலாமா?

முதலில் பயப்படுங்கள். இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொத்தக் கடையின் இரண்டு வருடப் பேரேட்டில் மரம் வளர்த்தேன். ஒரே ஒரு கேள்வி, கிட்டத்தட்ட எல்லாம் சரி. பெருமையாக அச்செடுத்துக் கொண்டுபோய் முதலாளி முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேரில் இருந்த கேள்வியைப் படித்தார்: "ஞாபகப்படுத்தி போன் போட்டோமா?" நிமிர்ந்து என்னைப் பார்த்து, "தம்பி, பணம் வரலைன்னாத்தானே போன் போடுவோம்?" என்றார். கணக்குப்பிள்ளை சிரிப்பை அடக்க உள்ளே எழுந்து போய்விட்டார்.

அந்த நெடுவரிசை, கெடு தாண்டிய பிறகு நிரப்பப்படுவது. சரக்கு கொடுக்கும் நேரத்தில் அது காலியாகத்தான் இருக்கும். விடையே கேள்விக்குள் கசிந்துவிட்டது. மரத்தின் மேல் குற்றமில்லை. கலப்படத்தைக் குறைக்கும் கேள்வியைக் கேள் என்றேன், அதைத்தான் செய்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நெடுவரிசையின் தலைப்பிலும் விரலை வைத்து, "பில் போடுகிற நிமிடத்தில் இது எனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். "பழைய பாக்கி" நெடுவரிசையிலும் இந்த ஆபத்து உண்டு. இன்றைய பாக்கியை எடுத்துவிட்டால், தாமதமான அந்த பில்லே பாக்கியாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். பில் தேதியன்று இருந்த பாக்கியைத்தான் எடுக்க வேண்டும். நிறைய மென்பொருள்களில் அது நேரடியாகக் கிடைக்காது. பற்று வரவைத் தேதிவாரியாகக் கூட்டித்தான் வரவழைக்க வேண்டும். புராஜெக்டில் பாதி நேரம் இதற்கே போகும்.

மரம் "தாமதம்" என்றால் கடன் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதானே?

அது அவசரம். ரூ. 15,000 பில், லாபம் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 600 ரூபாய். பணம் இரண்டு மாதம் தாமதமாகிறது. நீங்கள் இரண்டு வட்டிக்கு வாங்கிச் சமாளித்தால் மாதம் 300 வீதம் 600 போச்சு. தாமதமான பில்லில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மூன்றில் ஒன்று தாமதமாகும் இலையில்கூட பில்லுக்குச் சராசரியாக 400 ரூபாய் நிற்கும். கொடுக்கலாம்.

இதுவே பணம் வராமலே போய்விட்டால் நட்டம் 14,400. ஒரு பில்லின் ஓட்டையை அடைக்க 24 நல்ல பில் வேண்டும். தாமதம் வேறு, வராக்கடன் வேறு. இரண்டையும் ஒரே வகையாகப் போட்டு மரம் வளர்த்தால், சற்றே இழுத்துக் கொடுக்கும் நல்ல மனிதரையும் கடையைப் பூட்டிக்கொண்டு போனவரையும் ஒரே இலையில் அடைத்துவிடும். மரத்தை வளர்ப்பதற்கு முன் எதைக் கணிக்கப் போகிறோம் என்பதை முதலாளியிடம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

ஊர்ப் பெயருக்கு எண் கொடுக்கலாமா? குடியாத்தம் 1, பள்ளிகொண்டா 2, ஒடுகத்தூர் 3 என்று?

வேண்டாம். "ஊர் 2.5-க்கு மேலா?" என்று கேட்டு, நீங்கள் எழுதிய வரிசையையே உண்மை என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஊருக்கும் தனி நெடுவரிசை வைத்து 1, 0 போடுங்கள். இல்லாவிட்டால் வேலூரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். அந்த எண்ணுக்காவது அர்த்தம் உண்டு.

இப்போது எல்லாரும் ராண்டம் ஃபாரஸ்ட்தானே பயன்படுத்துகிறார்கள்? ஒற்றை மரம் பழசாகிவிட்டதா?

ஒற்றை மரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: பத்து பில்லை மாற்றினால் வேரே மாறிவிடலாம். பிரைமன், ஃபிரீட்மன், ஓல்ஷன், ஸ்டோன் என்ற நால்வர் 1984-ல் விரிவாக எழுதிய முறையைத்தான் நாம் மேலே கையால் போட்டோம். அதே லியோ பிரைமன் 2001-ல் ராண்டம் ஃபாரஸ்ட் கட்டுரையை வெளியிட்டார்: கொஞ்சம் கொஞ்சம் மாற்றிய தரவில் நூற்றுக்கணக்கான மரங்களை வளர்த்து வாக்கெடுப்பு நடத்துவது. கணிப்பு பெரும்பாலும் அதில்தான் நன்றாக வரும். ஆனால் 300 மரங்களை அச்செடுத்துக் கல்லாவில் ஒட்ட முடியாது. அந்த முதலாளி என் தப்பை ஒரே பார்வையில் பிடித்தது, மரம் ஒரே கேள்வியாகக் காகிதத்தில் இருந்ததால்தான். நான் முதலில் ஒற்றை மரம் வளர்த்துப் படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் காட்டுக்குள் போவேன்.

வைவாவில் "உன் மரத்துக்கு எது தெரியாது?" என்று கேட்டார்கள். முழித்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்கள். பேரேட்டில் இருப்பது யார்? கடன் கொடுக்கப்பட்டவர்கள். முதலாளி முகத்தைப் பார்த்தே "ரொக்கம்னா எடுத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டவர்களுக்குப் பேரேட்டில் பக்கமே கிடையாது. ஒடுகத்தூர்ப் பக்கத்துச் சின்னக் கடைகளுக்கு அவர் எப்போதுமே கடன் கொடுத்ததில்லை என்றால், அந்தக் கடைகள் நேரத்தில் கட்டுமா கட்டாதா என்று மரம் சொல்வது குருட்டு ஊகம். கேட்டால் பதில் மட்டும் தயங்காமல் சொல்லும். அதற்கு வெட்கம் கிடையாது.

மரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு இது இன்னும் சிக்கலாகும். பாக்கி உள்ளவருக்குப் பெரிய பில் கூடாது என்று மரம் சொல்கிறது, கடையும் அப்படியே செய்கிறது. அடுத்த ஆண்டு பேரேட்டில் அந்த வகை பில்லே இருக்காது. அந்தக் கேள்வி இன்னும் சரிதானா என்று சோதிக்கக் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் நான் வேலை பார்க்கும் ஒரு கடையில், மரம் வேண்டாம் என்று சொன்னவர்களில் மாதம் இரண்டு பேருக்கு, ரூ. 10,000-க்கு மிகாமல், சீட்டுக் குலுக்கிக் கடன் கொடுக்கிறார்கள். அந்த பில்களின் மூலையில் கணக்குப்பிள்ளை சிவப்பு மையால் ஒரு புள்ளி வைக்கிறார்.